அப்பாட பேரைச் சொன்னது ஓலையா, நீங்களா?

ஈச்சிலம்பற்றுப் பக்கம் சாதகக் குறிப்பைத் தொலைத்த குடும்பங்கள் இருக்கின்றன. 2004 கடல்கோளுக்குத் தப்பியது 2006 இடப்பெயர்வில் போனது. பிறந்த நேரம் தெரியாவிட்டால் சாத்திரியாரால் குறிப்பு எழுத ஏலாது. அப்படியான ஒருவருக்கு, பெருவிரல் ரேகை மட்டும் போதும் என்கிற நாடி சோதிடம் பெரிய ஆறுதல்தான். தமிழ்நாட்டின் வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போய் ஓலை பார்த்து வாற ஆக்கள் வியந்து சொல்லுவது இதைத்தான்: "அப்பாட பேரையே ஓலை சொல்லிட்டு!"

உண்மையில் அங்கே நடப்பதைப் பாருங்கள். ஆணுக்கு வலது பெருவிரல், பெண்ணுக்கு இடது. ரேகையில் 108 வகை உண்டு என்பார்கள். உலகில் 800 கோடிப் பேர். ஒரு வகைக்கே ஏழு கோடிக்கு மேல் வரும். ஆக, ரேகை ஒரு ஓலைக்கட்டைக் கொண்டுவரலாம், உங்களைக் கண்டுபிடிக்காது. கண்டுபிடிப்பது பிறகு வாற கேள்விகள்தான். "அப்பா பேர் கடவுள் பேரா?" ஓம். "முருகன் பேரா?" இல்லை. "சிவன் பேரா?" ஓம். "லிங்கம் எண்டு முடியுமா?" ஓம். இல்லை என்றால் அடுத்த ஓலை. ஒவ்வொரு ஓம்-இல்லையும் மிச்சமுள்ள பெயர்களைப் பாதியாக்கினால், பத்துக் கேள்வியில் ஆயிரம் பெயரிலிருந்து ஒன்றுக்கு வந்துவிடலாம். ஒரு மணித்தியாலம் கழித்து அந்தப் பெயர் பாட்டாக வாசிக்கப்படும்போது, அதைத் துண்டு துண்டாகக் கொடுத்தது நாமே என்பது மறந்துபோகும்.

குறிப்புப் பார்ப்பதில் இந்த மறைவு இல்லை. லக்கினம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாறும். நேரத்தையும் ஊரையும் கொடுத்தால் கட்டத்தை யாரும் திரும்பக் கணிக்கலாம். வாக்கியமும் திருக்கணிதமும் எங்கே வேறுபடுகின்றன என்றும் காட்டலாம். ஆனால் கணக்குச் சரி என்பதால் பலனும் சரியாகாது. வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் குழு மகாராஷ்டிராவில் 2008இல் இதைச் சோதித்தது. படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என 200 பேரின் சாதகங்களைக் கலந்து, ஆளுக்கு 40 கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். 27 சோதிடர்கள் விடை அனுப்பினர். சராசரி 46 வீதம் சரி. காசைச் சுண்டிப் பார்த்தாலும் 50 வரும்.

நாடிக்கும் இப்படி ஒரு சோதனை வையுங்கள். அனுமதி கேட்டு முழு உரையாடலையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து, நீங்கள் ஓம் என்று சொன்ன எல்லாவற்றையும் பலனிலிருந்து வெட்டுங்கள். மிச்சம் என்ன? பெயர் இருக்கும் ஓலையைப் படம் எடுத்து, பழைய எழுத்து வாசிக்கத் தெரிந்த வேறொருவரிடம் காட்டுங்கள். அவரும் அதே பெயரை வாசிக்கிறாரா? எதிர்காலப் பலனை ஆண்டோடு எழுதி வைத்து, பலித்ததையும் பலிக்காததையும் சேர்த்து எண்ணுங்கள்.

படம் எடுக்க விடமாட்டோம், ஆனால் சாந்தி காண்டத்துப் பரிகாரத்துக்குக் காசு கட்டுங்கள் என்றால், அங்கேயே எழும்பி வரலாம். ஓலை பழசாக இருக்கலாம். அதில் உங்கள் பெயர் இருக்கிறது என்று காட்டவேண்டியது வாசிக்கிறவர் பொறுப்பு.