பூஜ்ஜியம் காட்டும் கருவியும் காலை டூட்டியும்

பெறுநர்: மேலாண்மை இயக்குநர், மாநகர் போக்குவரத்துக் கழகம், பல்லவன் சாலை, சென்னை.



குடித்துவிட்டுப் பேருந்து ஓட்டுவது குற்றம் என்பதில் கழகத்துக்கும் ஊழியர்களுக்கும் பயணிகளுக்கும் இரு கருத்து இல்லை. ஆகவே இம்மடல் அதைப் பற்றியதன்று. முந்தைய இரவில் அதிகமாகக் குடித்த ஒருவர், உடலில் மது முழுவதும் கரைந்துபோன பிறகும், மறுநாள் பல மணி நேரம் வழக்கத்தைவிட மெதுவாகவும் தவறுகளோடும் வேலை செய்கிறார் என்பதும், அதை அவரும் அறிவதில்லை, ஊதிப் பார்க்கும் கருவியும் காட்டுவதில்லை என்பதுமே இம்மடலின் பொருள். பேச்சு வழக்கில் ஹேங்கோவர் எனப்படும் இந்நிலையை, ஒரே அமர்வில் மிகுதியாகக் குடித்தபின், இரத்தத்தில் மதுவின் அளவு பூஜ்ஜியத்தை நெருங்கும்போது தொடங்கும் உடல், மனக் கோளாறுகளின் தொகுதி என்று ஆய்வாளர்கள் வரையறுக்கிறார்கள். மது இறங்கி முடியும் இடத்தில்தான் இது தொடங்குகிறது என்பதே அந்த வரையறையில் கவனிக்க வேண்டிய செய்தி.

மந்தைவெளி, அடையாறு, தியாகராய நகர் பணிமனைகளில் ஒன்றில் வேலை பார்க்கும் ஓர் ஓட்டுநரைக் கணக்குக்காக எடுத்துக்கொள்ளலாம். எடை 65 கிலோ. மறுநாள் காலை 7.30 மணிக்கு டூட்டி. மாலை 7 மணிக்குத் தொடங்கி, கடை மூடும் 10 மணிக்குள் ஒரு குவார்ட்டரும் ஒரு கட்டிங்கும், அதாவது 270 மில்லி பிராந்தி குடிக்கிறார் என்று கொள்க. டாஸ்மாக் கடைகளில் விற்கும் பிராந்தியில் கொள்ளளவில் 42.8 விழுக்காடு மது உள்ளதால், அவர் உடலுக்குள் போனது ஏறத்தாழ 90 கிராம் தூய மது. உடலின் நீர்ப்பகுதியில் அது பரவும்போது, நடுவே எதுவும் கழியவில்லை என வைத்துக்கொண்டால், 100 மில்லி இரத்தத்துக்குச் சுமார் 205 மில்லிகிராம் இருக்கும். கல்லீரல் இதை மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதம் கழிக்கிறது. குளிப்பதாலோ எலுமிச்சைச் சாறு குடிப்பதாலோ காபியாலோ இந்த வீதம் கூடுவதில்லை. ஆளுக்கு ஆள் மாறுபடும் என்றாலும் கணக்கின் போக்கு இதுதான்: காலை 5 மணிக்கு அவர் இரத்தத்தில் இன்னும் 55 மில்லிகிராம் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு வகுத்துள்ள 30 மில்லிகிராம் வரம்புக்கு அவர் இறங்குவது 6.40 மணி வாக்கில். 7.30 மணிக்குப் பணிமனை வாசலில் நிற்கும்போது அவர் உடலில் 18 மில்லிகிராம் அளவே இருக்கும். சட்டத்தின் வரம்புக்குள் அவர் வந்துவிட்டார். 8.40 மணிக்கு முழுப் பூஜ்ஜியம்.

அலுவலகக் கூட்டமும் பள்ளிக் கூட்டமும் ஒருசேர ஏறும் நேரம் அதற்குப் பின்னர்தான் வருகிறது. பெசன்ட் நகரிலிருந்து பெரம்பூர் செல்லும் 29சி பேருந்தின் ஓட்டுநர், அடையாறு சிக்னலையும் திரு.வி.க. பாலத்தையும் தாண்டி லஸ் முனை நெரிசலுக்குள் நுழையும்போது, மதுவே இல்லாத இரத்தத்தோடும் மங்கிய மூளையோடும் இருப்பார். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடுகிறது. ஆகவே பிரேக்கை மிதிக்கக் கால் நொடி தாமதித்தாலும் வண்டி ஏறத்தாழ மூன்று மீட்டர் கூடுதலாகப் போய்விடும். சாலையைக் கடக்கும் பாதசாரி ஒருவர் முழுதாக அந்த மூன்று மீட்டருக்குள் நின்றிருக்கக்கூடும்.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, மொத்தம் 1,163 பேர் பங்கேற்ற 19 ஆய்வுகளை ஒன்றாக வைத்து எடை போட்டது. மறுநாளில் நீடித்த கவனம், நினைவு, கண்டதற்குக் கையோ காலோ இயங்கும் வேகம், வாகனம் ஓட்டும் திறன் ஆகியவை குறைகின்றன என்பது அதன் முடிவு. இவற்றுள் நீடித்த கவனம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். எதுவும் நடக்காத நேரத்திலும் ஏதேனும் நடந்தால் உடனே கண்டுகொள்ளும்படி மனத்தைத் தயாராக வைத்திருக்கும் ஆற்றல் அது. கடினமான ஒரு கணக்கைப் போடச் சொன்னால், ஹேங்கோவரில் உள்ளவரும் முயன்று போட்டுவிடுவார், ஏனெனில் கணக்கு தன்னாலேயே கவனத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. பழகிய தடத்தில் நாற்பது நிமிடம் ஒன்றும் நடக்காமல் வண்டி ஓட்டுவதுதான் அவருக்குக் கடினம். அங்கே கவனம் அரை நொடி, ஒரு நொடி என்று விட்டுவிட்டு அறுபடுகிறது. பெரும்பாலான நேரம் அந்த ஒரு நொடியில் எதுவும் குறுக்கே வருவதில்லை என்பதால், அது அறுபட்டதே ஓட்டுநருக்குத் தெரியாமல் போகிறது.

இந்தக் குறைபாட்டை மக்கள் குறைத்து மதிப்பிடுவதன் முதற்காரணம் இதுவே. விபத்தில் முடியாத தவறு எதுவும் செய்தவருக்குத் திரும்ப வந்து சொல்லப்படுவதில்லை. ஒதுங்கிக்கொண்ட இருசக்கர வாகன ஓட்டியும் பின்வாங்கிய பாதசாரியும் அதை அறிவார்கள், ஓட்டுநர் அறியமாட்டார். இரண்டாவது காரணம், அவர் தம் நிலையை எதோடு ஒப்பிடுகிறார் என்பதில் இருக்கிறது. நேற்றிரவுத் தள்ளாட்டத்தோடும் விடியற்காலைத் தலைவலியோடும் ஒப்பிட்டால் காலை 9 மணி எவருக்கும் தெளிவாகவே தோன்றும். நன்கு தூங்கி எழுந்த இன்னொரு நாளின் காலை 9 மணியோடு ஒப்பிட வேண்டும் என்று அந்நேரம் யாருக்கும் தோன்றுவதில்லை.

உடல்வலியை வைத்துத் திறனை அளப்பதும் தவறான வழி என்பதை, அமெரிக்காவில் 95 பேரை வைத்து நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. சிலருக்கு போர்பன் என்னும் நிறம் மிகுந்த விஸ்கியும், சிலருக்கு நிறமற்ற வோட்காவும், ஒரே அளவு போதை ஏறும்படி கொடுக்கப்பட்டன. நொதித்தலிலும் மரப்பீப்பாயிலும் உண்டாகும் துணைப்பொருள்கள் போர்பனில் வோட்காவைவிடப் பலமடங்கு அதிகம் என்பதால், மறுநாள் காலையில் போர்பன் குடித்தவர்கள் தலைவலியும் குமட்டலும் மிகுந்து வருந்தினார்கள். ஆனால் கவனத்தையும் வேகத்தையும் அளந்தபோது, இரு சாராரின் திறனும் ஒரே அளவில்தான் குறைந்திருந்தது. வோட்கா குடித்தவர் குறைவாக வருந்தினார், குறைவாகத் தடுமாறவில்லை. தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிப்பவரின் நிலையும், தமக்கு ஹேங்கோவரே வருவதில்லை என்று சொல்பவரின் நிலையும் இதற்கு வேறாக இருக்கும் என்று நம்ப இடமில்லை. தூக்கக் கணக்கும் இப்படியே ஏமாற்றுகிறது: மது படுத்தவுடன் தூங்கவைக்கிறது, ஆனால் இரவின் முற்பாதியில் கனவுறக்கத்தைக் குறைத்து, பிற்பாதியில் தூக்கத்தை உடைக்கிறது, ஏழு மணி நேரம் படுத்திருந்தேன் என்பது உண்மையாகவே இருக்கலாம், ஏழு மணி நேரம் இளைப்பாறினேன் என்பது உண்மையன்று.

இதே நகரின் மீனம்பாக்கத்தில் விமானத்தை எடுக்கும் ஒருவருக்கு, பணிக்கு முன் 12 மணி நேரம் மது தொடக்கூடாது என்ற விதி இருக்கிறது. ஊதிப் பார்க்கும் சோதனையும் உண்டு. அங்கும் கேள்வி முற்றிலும் தீரவில்லை. அமெரிக்கக் கடற்படை விமானிகள் பத்துப் பேரை வைத்து 1986இல் வெளியான ஆய்வில், மிதமிஞ்சிக் குடித்து 14 மணி நேரம் கழித்துப் பறத்தல் மாதிரிக் கருவியில் அமர்த்தியபோது, அவர்கள் ஏறத்தாழ எல்லா அளவைகளிலும் மது அருந்தாத நாளைவிடக் குறைந்தே செய்தார்கள். சிறிய ஆய்வுதான் அது, எல்லா வித்தியாசங்களும் உறுதியாக நிலைநாட்டப்படவுமில்லை. ஆனால் விமானிக்கு 14 மணி நேரம் போதுமா என்று கேட்கப்படும் உலகில், எண்பது பேரை ஏற்றிச் செல்லும் ஓட்டுநரிடம் ‘ஊது’ என்பதோடு கேள்வியை முடித்துக்கொள்வது சரியாகாது.

வேலைக்கு வராத நாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் எழ முடியாமல் ஒருவர் நின்றுவிட்டால் அது வருகைப் பதிவேட்டில் தெரிகிறது, ஒரு நடை ரத்தாகிறது, நேரக் காப்பாளர் கோபப்படுகிறார், ஊதியம் போகிறது. வந்துவிட்டவரின் இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டுக்குச் செய்யப்பட்ட ஒரு மதிப்பீட்டில், மிகுதியான குடியால் வேலைக்கு வராததன் இழப்பு சுமார் 420 கோடி டாலர்; வந்தும் சரிவரச் செய்யாததன் இழப்பு சுமார் 7,400 கோடி டாலர். இது ஹேங்கோவரை மட்டும் பிரித்துக் காட்டும் கணக்கன்று, நீண்டகாலக் குடியும் சேர்ந்தது. ஆயினும் எது கண்ணுக்குத் தெரிகிறது, எது மறைந்திருக்கிறது என்பதை அது காட்டுகிறது. வராதவரை மட்டும் தண்டிக்கும் ஒரு நடைமுறை, இன்று நான் ஓட்டக்கூடாது என்று நினைப்பவரையும் எப்படியாவது வண்டியில் ஏற்றிவிடுகிறது. கழகம் விரும்பாத விளைவு இது என்பதில் ஐயமில்லை. ஆனால் விதிகள் அந்தப் பக்கமே தள்ளுகின்றன.

எனவே இம்மடல் கோருவது ஒரு பணிமனையில் தொடங்கும் ஒரு முன்னோட்டம். அடையாறு பணிமனை அதற்குப் பொருத்தமானது, ஏனெனில் 1980 முதல் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துவரும் டி.டி.கே. மருத்துவமனை அருகே இந்திரா நகரில் இருப்பதால், தேவைப்படும் ஊழியரை அனுப்ப வழி இருக்கிறது. டூட்டிக்கு முன் மூன்று நிமிடச் சோதனை ஒன்றைச் சேர்க்க வேண்டும்: திரையில் ஒழுங்கற்ற இடைவெளிகளில் ஒரு குறி தோன்றும், தோன்றிய உடன் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவே. இத்தகைய சோதனைகள் தூக்கக்குறைவை அளக்க நெடுங்காலமாகப் பயன்படுகின்றன. சராசரி வேகத்தைவிட, வழக்கத்துக்கு மீறித் தாமதமான விடைகளின் எண்ணிக்கையே அதில் முக்கியம். ஒருவரின் விடையை மற்றொருவரோடு ஒப்பிட்டால் வயதும் பழக்கமும் குழப்பிவிடும். ஒவ்வொருவரின் நல்ல நாள் அளவுகளைப் பத்துப் பன்னிரண்டு முறை எடுத்து வைத்துக்கொண்டு, அவரவரோடே ஒப்பிட வேண்டும். அளவு மோசமாக வந்தால் காரணம் மதுவா, காய்ச்சலா, கைக்குழந்தை தூங்கவிடாத இரவா என்பதை அந்தச் சோதனை சொல்லாது, சொல்ல வேண்டியதுமில்லை. அன்று அவர் வண்டி எடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

அந்த அளவு பணிப் பதிவேட்டில் ஏறினால் முன்னோட்டம் முதல் வாரத்திலேயே தோற்கும், ஏனெனில் ஊழியர்கள் வேண்டுமென்றே மெதுவாக அழுத்தித் தம் அடிப்படை அளவைத் தாழ்த்தி வைப்பார்கள். ஆகவே அளவு மோசமான நாளில் ஊதியப் பிடித்தமின்றிப் பணிமனைக்குள் வேறு வேலையோ, பிற்பகல் டூட்டிக்கு மாற்றமோ தரப்பட வேண்டும். ஒரே ஊழியருக்கு அது அடிக்கடி நிகழ்ந்தால் மட்டும் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். விதிமுறைகளைத் தொழிற்சங்கங்களோடு அமர்ந்து முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். ஊதிப் பார்க்கும் கருவி இதனால் தேவையற்றதாகிவிடாது. மேலே கண்ட ஓட்டுநர் காலை 5 மணிக்கே வந்திருந்தால் அவரைப் பிடிப்பது அந்தக் கருவி, 7.30 மணிக்கு அதே ஓட்டுநர் அதைத் தாண்டி வரும்போது, பொத்தானில் அவர் விரல் எத்தனை முறை தாமதிக்கிறது என்பதையும் பார்த்த பிறகே சாவி அவரிடம் தரப்பட வேண்டும் என்பது இம்மடலின் வேண்டுகோள்.