சராசரிக்குள் ஒளியும் சுழியம்

"அளக்காததை மேம்படுத்த முடியாது" என்ற வாசகம் மேலாண்மைக் கூட்டங்களில் பல ஆண்டுகளாக ஒலிக்கிறது. அளக்க முடியாததை நிர்வகிக்க முடியாது என்ற எண்ணமே நிறுவனங்களுக்குப் பெருஞ்செலவு வைக்கும் கட்டுக்கதை என்று தரமேலாண்மை அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் 1993-லேயே எழுதிவிட்டார். ஆனாலும் அந்த வாசகத்தைச் சொல்லித்தான் ஆலோசகர்கள் இன்று நடுத்தர நிறுவனங்களுக்குள் நுழைகிறார்கள். எந்த வேலை எந்த மென்பொருளில் நடக்கிறது, எந்தத் தரவுக்கு யார் பொறுப்பு என்ற ஒழுங்கமைப்பைத்தான் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்கிறோம். அதன் முதிர்ச்சிக்கு ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுங்கள், முதலில் மூன்றை எட்டுங்கள், மற்றதெல்லாம் பிறகு என்பது அவர்கள் வாதம். விருத்தாசலம் வட்டாரத்துப் பீங்கான் தொழிலுக்கு இந்த அறிவுரை தீங்கு செய்யும்.

இந்த மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஐந்து நிலை ஏணியின் மூல வடிவம், மென்பொருள் ஒப்பந்ததாரர்களை எடைபோட அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவானது. வாங்குபவர் விற்பவரைத் தரம்பிரிக்கச் செய்த கருவி அது. இன்சுலேட்டர் செய்பவர் தன் முதல் வேலை எது என்று முடிவுசெய்ய உண்டாக்கியது அல்ல.

இதைவிடப் பெரிய பிழை சராசரியில் இருக்கிறது. அமெரிக்க வணிகத் துறை வகுத்த முதிர்ச்சி மாதிரி ஒன்பது கூறுகளைப் பார்க்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை நிலை உண்டு. மின்கம்பத்துக்கான இன்சுலேட்டர் செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தை உதாரணத்துக்குக் கற்பனை செய்துகொள்வோம். கணக்கு டேலியில் இருக்கிறது. சூளை வண்டிப் பதிவு நோட்டில், கிடங்கு இருப்பு எக்செலில். டேலி ஓடும் கணினியிலேயே பென்டிரைவ் எந்நேரமும் செருகியிருக்கும், பேக்கப் அதில்தான். அதிலிருந்து தரவை மீட்டுப் பார்த்தவர் யாருமில்லை. ஆகவே பாதுகாப்புக்கு 0. முதலீட்டு முடிவுகளுக்கு 3, மேலாளர் ஈடுபாட்டுக்கும் நிர்வாகக் கட்டுப்பாட்டுக்கும் தலா 1, மற்ற ஐந்துக்கும் தலா 2 என்று வையுங்கள். கூட்டினால் 15, ஒன்பதால் வகுத்தால் 1.67. அடுத்த ஓராண்டில் நடைமுறைக் கையேடு, வரைபடங்கள், தகவல் பரப்பும் திட்டம் மூன்றும் தயாராகி, உரிய கூறுகள் 2-லிருந்து 3-க்கு ஏறுகின்றன. சராசரி 2.0 ஆகிறது. அறிக்கை முன்னேற்றம் என்கிறது. பாதுகாப்போ 0-விலேயே நிற்கிறது. ஒரு ரான்சம்வேர் வந்தால் கணினியும் பென்டிரைவும் சேர்ந்தே பூட்டப்படும். சூளையின் ஒரு மூலை அளவுக்கு மீறிச் சூடேறி, மறு மூலை வேகாமல் இருக்கும்போது சராசரி வெப்பம் சரியாகத்தான் தெரியும். சரக்கு இரண்டு பக்கமும் வீணாகும். இங்கும் அதேதான் நடக்கிறது. அந்த மாதிரியை வகுத்தவர்களே சராசரியோடு, ஒவ்வொரு நிலையையும் எத்தனை சதவீதம் எட்டியிருக்கிறோம் என்று காட்டும் இன்னொரு முறையையும் கொடுத்தார்கள். ஆனால் நிர்வாக இயக்குநர் முன் வைக்கப்படுவது ஒற்றை எண்தான்.

எண் இருந்தால்தான் முதலாளி பணம் ஒதுக்குவார் என்பார்கள். அனுப்பாமல் நிற்கும் லாரிதான் அவரை அசைக்கும், 1.67 அல்ல. நம் உதாரண நிறுவனத்தில் ஒரே 11 கிலோவோல்ட் இன்சுலேட்டரை உற்பத்தியில் அச்சு எண்ணால் அழைக்கிறார்கள், கிடங்கில் தங்கள் குறியீட்டால், டேலியில் பெயரால். ஆர்டர் வரும் நாளில் கையிருப்பு எவ்வளவு என்று மூவரும் மூன்று பதில் சொல்கிறார்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் மின்-விலைப்பட்டியல் கட்டாயம். பொருள் மாறிப் பதிவானால் அதை ரத்துசெய்து மறுபடி போட வேண்டும். மாதத்துக்கு எத்தனை விலைப்பட்டியல் இப்படி ரத்தாகிறது, கிடங்கில் எண்ணியதும் ஏட்டில் இருப்பதும் எத்தனை பொருளில் பொருந்தவில்லை என்று எண்ணுங்கள். இந்த அளவுகளுக்கு எந்த ஏணியும் வேண்டாம், இவை எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்பதையும் காட்டிவிடும்.

ஆகவே முதல் ஆண்டுக்கு மூன்று வேலை போதும். பேக்கப்பின் ஒரு பிரதியைக் கணினியிலிருந்து கழற்றி வேறிடத்தில் வைத்து, காலாண்டுக்கு ஒருமுறை வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்க வேண்டும். எல்லா மென்பொருளையும், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர், உரிமம் முடியும் நாள் ஆகியவற்றோடு ஒரே தாளில் எழுத வேண்டும். அதிகம் விற்கும் பொருட்களிலிருந்து தொடங்கி ஒரு பொருளுக்கு ஒரே குறியீடு வைத்து, புதுக் குறியீடு சேர்க்கும் உரிமையை ஒரே ஒருவரிடம் கொடுக்க வேண்டும். மூன்றாவதுதான் கடினம். பழைய பெயரை உற்பத்தி மேற்பார்வையாளர் விடமாட்டார், அதனால் பழைய அச்சு எண்ணும் சில காலம் பக்கத்துப் பத்தியில் இருக்கட்டும். ஈஆர்பி வாங்கும் பேச்சை, புதுக் குறியீடு இரண்டு இருப்புக் கணக்கெடுப்புகளைத் தாங்கிய பிறகு எடுக்கலாம். அதற்கு முன் வாங்கினால், மூன்று பெயர்களும் அப்படியே புது மென்பொருளுக்குள் குடியேறிவிடும்.