தீர்வை வேறு, கடமை வேறு



வெளிநாட்டுக்குப் பொட்டலம் அனுப்பும்போது அஞ்சலகத்தில் நிரப்ப வேண்டிய சி.என். 23 சுங்கப் படிவத்தின் தமிழாக்கத் தாள் ஒன்று கைக்குக் கை சுற்றி வருகிறது. அதில் 'கஸ்டம்ஸ் டியூட்டி' என்பது 'சுங்கக் கடமை' ஆகியிருக்கிறது. தீர்வைக்கும் கடமைக்கும் வேறுபாடு தெரியாத அகராதிப் பிழை என்று சிரித்துவிடலாம். ஆனால், 'கிஃப்ட்' என்னும் கட்டத்துக்கு எதிரே 'அன்பளிப்பு – வரி இல்லை' என்று எழுதியிருக்கிறார்களே, அதைப் பொறுத்துக்கொள்ள இயலாது. 'வரி இல்லை' என்ற சொற்கள் மூலப் படிவத்தில் இல்லவே இல்லை!

அந்தக் கட்டம் அனுப்பும் நோக்கத்தை மட்டுமே கேட்கிறது. வரியை முடிவு செய்வது பொருளைப் பெறும் நாடு. இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே தனிமனிதர் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் அன்பளிப்பு 39 பவுண்டுக்கு மேற்படாவிட்டால்தான் மதிப்புக் கூட்டு வரி இல்லை. மேற்பட்டால் முழுத் தொகைக்கும் 20 விழுக்காடு வரி உண்டு. சுங்கத் தீர்வையோ 135 பவுண்டைத் தாண்டினால்தான் எழும். மதுவுக்கும் புகையிலைக்கும் இந்தச் சலுகை கிடையாது.

மகளுக்கு 35 பவுண்டுச் சேலை, மருமகனுக்கு 25 பவுண்டுச் சட்டை, பேத்திக்கு 15 பவுண்டுப் பாவாடை ஆகியவற்றை ஒரே பொட்டலமாகக் கட்டி, 'துணி, 75 பவுண்டு' என்று ஒரே வரியில் எழுதினால், பொருளின் விலைக்கு மட்டும் 15 பவுண்டு வரி விழும். அதற்கு மேல் அஞ்சல் நிறுவனம் கையாளும் கட்டணமும் கேட்கும். அதைக் கட்டுபவர் அன்பளிப்பைப் பெறும் மகளே! இதற்கு அஞ்சித்தான் பலர் விலையைக் குறைத்து எழுதுகின்றனர். அது பொய், தேவையற்ற பொய்யுங்கூட. மூன்றையும் தனித்தனியே சுற்றி, ஒவ்வொன்றிலும் உரியவர் பெயரை எழுதி, படிவத்தில் மூன்று வரிகளாகப் பெயர், பொருள், எண்ணிக்கை, விலை குறித்தால், ஒவ்வொருவருக்கும் 39 பவுண்டு வரம்பு தனித்தனியே பொருந்தும். உண்மையை எழுதியே வரியின்றி அனுப்பலாம்.

அத்தாளின் இன்னொரு குறை, 'தடை செய்யப்பட்டவை', 'கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை' ஆகிய இரண்டையும் 'தடை' என்றே குறித்திருப்பது. மலேசியாவிலிருந்து நெய்ப் புட்டியை இங்கிலாந்துக்கு அஞ்சலில் அனுப்பலாகாது. பால் பொருளுக்கு அங்கே தடை. செடி நாற்றுகள் சிலவோ கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. தாவர நலச் சான்றிதழ் இருந்தால் வழியுண்டு. ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால், வழியுள்ளது எது, இல்லாதது எது என்று பெற்றோர் எப்படி அறிவர்?

படிவத்தின் அடியில் கையொப்பமிடுபவர், விவரங்கள் சரியானவை, தடைசெய்யப்பட்ட பொருள் உள்ளே இல்லை என்று உறுதியளிக்கிறார். தாளை மொழிபெயர்த்தவர் அங்கே கையொப்பமிடுவதில்லை. நம் பெற்றோர்தாம் இடுகின்றனர். ஆகவே, அந்தத் தாளைத் திருத்துங்கள். இயலாவிட்டால் திரும்பப் பெறுங்கள்!