பாலை அடக்கும் பசுவும் கன்றின் உதவியும்

நெற்செய்கையோடும் தோட்டச் செய்கையோடும் ஓரிரு கறவைகளை வளர்க்கும் கமக்காரரின் வீடுகளில், நாற்று நடுகையும் அரிவு வெட்டும் நடைபெறும் நாட்களிலேயே பசு பாலைக் குறைத்துவிடுகின்றது என்னும் குறை அடிக்கடி கேட்கப்படுகின்றது. தீனி குறையவில்லை, நோயும் காணப்படவில்லை, மடியும் நிறைந்தே இருக்கின்றது. ஆயினும் செம்பில் விழுவது பாதியளவே. இத்தகைய பசுவைக் கள்ளப் பசு என்று கூறி அடிப்பதும், பின்னங்கால்களை இறுகக் கட்டிக் கறப்பதும் வழக்கமாக உள்ளன. இவ்வழக்கம் தவறானது மட்டுமன்று, குறையை நிலைக்கச் செய்வதுமாகும். பசு பாலை வேண்டுமென்று ஒளிப்பதில்லை. அச்சத்தினால் அதனைச் சுரந்து விட இயலாமற் போகின்றது.

இதன் காரணத்தை அறிதல் எளிது. மடியிலுள்ள பாலிற் சிறு பகுதியே காம்புக்கு மேலுள்ள குழியில் நிற்கின்றது. பெரும்பகுதி மடியின் உள்ளே நுண்ணிய பாற்பைகளில் அடங்கியிருக்கின்றது. கையினால் எவ்வளவு இழுத்தாலும் அப்பால் வெளிவராது. கன்று முட்டி ஊட்டும்போதோ, மடியைக் கழுவித் தடவும்போதோ அவ்வுணர்ச்சி மூளையை அடைகின்றது. அங்குள்ள கபச்சுரப்பி ஒட்சிற்றோசின் என்னும் ஓமோனைக் குருதியிற் செலுத்துகின்றது. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் அது மடியை அடைந்து பாற்பைகளைச் சுருங்கச் செய்ய, பால் குழிக்கு இறங்குகின்றது. காம்புகள் பருத்து நிற்பதே இதற்கு அடையாளம். இவ்வோமோனின் வேலை சில நிமிடங்களே நீடிக்கும். ஆதலால் சுரப்பு விட்ட பின்னர் ஐந்து முதல் ஏழு நிமிடங்களுக்குள் கறந்து முடித்தல் வேண்டும்.

பசு மருண்டால் இவ்வொழுங்கு குலைகின்றது. மூளை ஒட்சிற்றோசினைப் போதியளவு விடுவதில்லை. அச்சத்தின்போது சுரக்கும் அதிரனலினோ மடியின் குருதிக் குழாய்களைச் சுருக்கி, வந்த சிறிதளவு ஓமோனும் தன் வேலையைச் செய்யாது தடுக்கின்றது. 1941 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஈலி, பீற்றர்சன் என்னும் இரு ஆராய்ச்சியாளர் பசுவின் முதுகிற் பூனையை ஏற்றியும், அருகே காற்றடைத்த கடதாசிப் பைகளை வெடிக்கச் செய்தும் அதனை மருட்டிப் பார்த்தனர். பால் இறங்குவது தடைப்பட்டது. கமக்காரரின் தொழுவத்தில் பூனைக்கும் பைக்கும் பதிலாக நாயும் தடியும் உழவு இயந்திரமும் நிற்கின்றன, வேறுபாடு அவ்வளவே.

ஓர் உதாரணத்தைக் காண்க. முதற் கன்று ஈன்ற சாகிவால் கலப்புப் பசுவொன்றை வீட்டுக்காரி நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்குக் கன்றை விட்டுக் கறந்து 3 லீற்றர் பெற்று வருகின்றார். நடுகைக் காலத்தில் அவர் விடியுமுன் வயலுக்குச் செல்ல, மகன் ஏழு மணிக்குக் கறக்க வருகின்றான். பூச்சிநாசினி மணம் வீசும் உடையை அணிந்திருக்கின்றான். அருகில் இரு சில்லு உழவு இயந்திரம் ஓடுகின்றது. நேரம் போகின்றதென்று கன்றை அவிழ்க்காமலே கறக்கின்றான். முதற் சில பீச்சல்களின் பின் காம்புகள் தளர்கின்றன. அரை லீற்றரோடு பால் நின்றுவிடுகின்றது. பசு உதைக்க, அவன் அடிக்கின்றான். மறுநாள் செம்பைக் கண்டவுடனேயே பசு முதுகை வளைத்து நிற்கின்றது. மடியில் நாள்தோறும் தேங்கும் பால் புதிய பால் ஊறுவதைத் தடுப்பதனால், சில நாட்களில் உண்மையாகவே பால் குறைகின்றது. தேங்கிய பாலில் நோய்க் கிருமி பெருகி மடியழற்சி உண்டாகும் அபாயமும் உண்டு.

பால் அடக்கப்பட்டதா, ஊறாமற் குறைந்ததா என்பதைக் கன்றைக்கொண்டே அறியலாம். கறந்த பின்னும் மடி இறுகியிருந்து, கன்றை விட்டவுடன் அது வாயில் நுரை தள்ள விழுங்குமாயின் பால் அடக்கப்பட்டதேயாகும். மடி தளர்ந்திருந்து கன்றும் வீணே முட்டுமாயின் தீனியிலும் நீரிலும் குறையைத் தேடவேண்டும். காம்பில் வெடிப்பு, புண், மடியிற் சூடு, பாலிற் திரள் ஆகியவை தோன்றினால் பசு நோவினாலேயே உதைக்கின்றது. அதற்கு முதலில் மிருக வைத்தியரின் உதவியை நாடவேண்டும்.

மேற்கூறிய பசுவைத் திருத்தும் வழி பின்வருமாறு. கறப்பவர் ஒருவராகவே இருக்கவேண்டும். அவர் மாறவேண்டிய காலம் வருமுன்னரே, புதியவர் ஒரு கிழமை உடன் நின்று தீனியிட்டும் தடவியும் பழகவேண்டும். நேரமும் இடமும் மாறலாகாது. மருந்து தெளித்தவர் குளித்து உடை மாற்றிய பின்னரே தொழுவத்துள் வரவேண்டும். பால் நஞ்சுபடாதிருப்பதற்கும் இது அவசியம். நாயை அகற்றி, சிறிது தவிடும் புண்ணாக்கும் வைத்து, கன்றை அவிழ்த்து நான்கு காம்புகளிலும் ஒரு நிமிடமளவு ஊட்டவிட வேண்டும். காம்புகள் பருத்தவுடன் கன்றைத் தாயின் தலைப்பக்கம், அது நக்கக்கூடிய தூரத்திற் கட்டவேண்டும். மடியை இளஞ்சூட்டு நீரினாற் கழுவித் துடைத்து, முதற் பீச்சல்களை வேறு பாத்திரத்தில் விட்டுப் பார்த்து, முழுக் கையினால் இடைவிடாது கறக்கவேண்டும். முடிவில் மீதிப் பாலைக் கன்றுக்கு விடவேண்டும். அடியும் கட்டும் நின்றால் பசுவின் அச்சம் சிறிது சிறிதாக நீங்கும். ஆயினும் பல நாட்கள் பொறுத்தல் வேண்டும்.

கன்று பாலைக் குடித்து நட்டம் விளைக்கின்றது என்று சிலர் வாதிப்பர். நாட்டுப் பசுக்களிலும் சாகிவால், சிந்தி இனங்களிலும் இவ்வாதம் பொருந்தாது. இவை கன்றின் மணமும் தொடுகையும் இன்றி நன்கு சுரப்பு விடுவதில்லை. கன்று இறந்தால் விரைவில் வற்றிவிடுவனவும் பல. கன்று கடைசியிற் குடிக்கும் பால் பெரும்பாலும் கைக்கு எட்டாத பால். அதுவே கொழுப்பு மிகுந்த பாலுமாகும். அதனாற் கன்று தேறுகின்றது, மடியும் வெறுமையாகின்றது. பிறீசியன், ஜேர்சி போன்ற ஐரோப்பிய இனங்கள் கன்றின்றியும் சுரக்கும்; அவற்றுக்குரிய முறையை நாட்டுப் பசுவின்மேற் சுமத்துவதே நட்டத்துக்கு வழி. ஆயினும் கன்றை நாள் முழுவதும் தாயோடு விடுதல் நன்றன்று. கறவைக்குப் பாலும் குறையும். பசு மறுபடி வேட்கைக்கு வருவதும் தாமதமாகும். கறவை வேளைகளில் மட்டும் ஊட்டவிடுதலே தக்கது.

கன்று இறந்துவிடின், அதே ஆளும் அதே தீனியும் அதே வேளையும் முன்பிலும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட வேண்டும். சில பசுக்கள் தோற்கன்றை நக்கியும் சுரக்கும். சில எதற்கும் இணங்காது வற்றும். ஒட்சிற்றோசின் ஊசியை நாள்தோறும் ஏற்றிக் கறப்பது இதற்குப் பரிகாரமாகாது. பசு ஊசியின்றிச் சுரக்காத நிலையை அடைந்துவிடும். நாகு கன்று ஈனுவதற்கு இரு மாதங்களுக்கு முன்னரே அதனைக் கறவை இடத்திற் கட்டி, தீனியிட்டு, வயிற்றையும் மடியையும் மெல்லத் தடவிப் பழக்கும் கமக்காரருக்கு, ஈன்ற பின் காலைக் கட்டக் கயிறு தேவைப்படுவது அரிது.