தம்பி சார்

என் மேலாளருக்கு வயது இருபத்தாறு. எனக்கு இருபத்தொன்பது. இருவரும் ஒரே உள்ளூர்ப் பல்கலைக்கழகம், ஒரே துறை. நான் கடைசி ஆண்டு படித்தபோது அவர் முதலாண்டு. அப்போது என்னை 'அண்ணே' என்பார், நான் 'டேய் தம்பி' என்பேன். இப்போது என் லீவு பாரத்தில் கையெழுத்துப் போடுபவர் அவர்தான்.

ஆங்கில மின்னஞ்சலில் சிக்கலே இல்லை. ஹாய் போட்டு, பெயர் போட்டு, விஷயத்துக்குப் போய்விடலாம். ஆனால் எங்கள் வேலையில் பாதி வாட்ஸ்அப்பில் நடக்கிறது, அதுவும் தமிழில். அங்கேதான் ஒவ்வொரு வினைமுற்றும் மாட்டிவிடுகிறது. 'பாரு' என்றால் திமிர். 'பாருங்க' என்று எழுத முதல் சில மாதம் கை வரவில்லை. அதனால் எங்களைப் போன்றவர்கள் ஒரு தந்திரம் செய்கிறோம்: ஆளையே வாக்கியத்திலிருந்து தூக்கிவிடுவது. 'பார்த்தா நல்லாருக்கும்', 'முடிஞ்சா சொல்லலாம்.' யார் பார்க்க வேண்டும், யார் சொல்ல வேண்டும்? யாருமில்லை. இதைத்தான் நாம் பணிவு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு இது பணிவாகத் தெரியவில்லை. சின்னவனிடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம், பணிவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. அவ்வளவுதான்.

சும்மா சொல்லவில்லை. போன வருடம் எங்கள் குளிர்நீர் பம்ப் ஒன்றின் பேரிங் தேய ஆரம்பித்தது. விநாடிக்கு 2.8 மில்லிமீட்டராக இருந்த அதிர்வு இரண்டு வாரத்தில் 6.5 ஆகிவிட்டது. பம்பை நிறுத்தி பேரிங் மாற்ற அரை நாள் போதும், ஆனால் நிறுத்த அவர் அனுமதி வேண்டும். புதன்கிழமை நான் அனுப்பியது இது:

'தம்பி சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குத் தெரியாதது இல்ல. நேரம் இருக்கும்போது இரண்டாம் பம்ப ஒரு பார்வை பார்த்தா நல்லாருக்கும்.' பின்னால் இரண்டு கும்பிடு.

'ஓகே அண்ணே' என்று பதில் வந்தது. சனிக்கிழமை இரவு பேரிங் இறுகி, சீல் கிழிந்து, மோட்டார் ட்ரிப் ஆனது. ஞாயிறு முழுக்க நாங்கள் தண்ணீரில் நின்றோம். திங்கட்கிழமை அவர் கேட்டார்: "ஏண்ணே, முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" சொன்னேனே என்று கோபத்தோடு போனைத் திறந்தேன். அதிர்வு எண் இல்லை. என்ன வேண்டும் என்று இல்லை. எப்போதைக்குள் என்றும் இல்லை. கும்பிடு மட்டும் இரண்டு இருந்தது.

'தம்பி சார்' என்பதையும் பாருங்கள். தம்பி அவரைக் கீழே இழுக்கிறது, சார் மேலே தள்ளுகிறது. அந்த மனிதர் எங்கேதான் நிற்பார்?

வயசுக்கு மரியாதை இல்லையா என்று நம் மாமாக்கள் கேட்பார்கள். இருக்கட்டும், தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம். 'தமிழே இப்படித்தான், அதனால நான் இங்கிலீஷ்லயே எழுதிடுறேன்' என்னும் என் வயது நண்பர்களிடம்தான் எனக்குச் சண்டை. ஆங்கிலத்தில் 'ஜஸ்ட் எ ஜென்டில் ரிமைண்டர்' என்று குழைவது யார்? கூச்சம் மொழியில் இல்லை. தமிழில் 'நீங்க' என்ற ஒரு சொல் தயாராக இருக்கிறது. அதற்கு வயதில்லை. அதை ஒருமுறை போட்டுவிட்டால் அடுத்த வாக்கியத்தில் நேராகப் பேசலாம். மறுப்பையும் சொல்லலாம். குரூப்பில் வேண்டாம், அவருக்குத் தனியாக, ஒரே தடவை.

அரசாங்கக் கடிதங்களின் முடிவில் முன்பு 'சாயா யாங் மெனூருட் பெரிந்தா' என்று வரும், கட்டளைக்குப் பணிபவன் என்று. பிறகு அதை 'மெஞ்சாலான்கான் அமானா' என்று மாற்றினார்கள், நம்பி ஒப்படைத்ததைச் செய்பவன். ஒரு கையெழுத்து வரிதான், ஆனாலும் எனக்கு இரண்டாவது பிடிக்கும்.

இந்த வருடம் வேறொரு பம்ப். இப்படி எழுதினேன்:

'வணக்கம். நாலாம் பம்ப் அதிர்வு இன்னைக்கு 5.9, போன வாரம் 4.1. வியாழன் காலை 8 மணிக்கு நிறுத்தி பேரிங் மாத்தணும், அரை நாள் ஆகும். நாளைக்கு 5 மணிக்குள்ள நீங்க சரின்னு சொன்னா ஆள் ஏற்பாடு பண்ணிடுவேன். அடுத்த வாரத்துக்குத் தள்ளுறது எனக்குச் சரியாப் படல.'

பத்து நிமிடத்தில் பதில்: 'வியாழன் ஆடிட் இருக்குண்ணே. புதன் முடியுமா?' முடியும் என்றேன். புதன்கிழமை மாற்றினோம்.

அன்றிரவு சாப்பிடும்போது அம்மா கேட்டார், "அந்தப் பையன் என்னடா சொன்னான்?"

"புதன்கிழமை செய்யச் சொன்னாருமா" என்றேன். அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு ரசத்தை ஊற்றினார்.