பரீட்சைக் காலச் சாப்பாடு



பாளையம்பட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. காலையில் நெய் விட்ட வெண்பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டுத் திருப்புதல் தேர்வுக்குப் போனவளுக்குப் பாதியிலேயே கண்ணைச் சொருகியதாம். அடுத்த தேர்வுக்கு வெறும் காபியோடு போனாள். பதினொன்றரைக்குத் தலைவலி, கையில் நடுக்கம். பொதுத்தேர்வு அன்று என்ன கொடுப்பது என்று கேட்கிறார்.

தேர்வு பத்து மணிக்குத் தொடங்கி 1.15க்கு முடிகிறது. ஏழே முக்காலுக்குச் சாப்பிடும் பிள்ளை மறுபடி சாப்பிட ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகிவிடும். மூன்று இட்லி, கெட்டியான பருப்பு சாம்பார், ஒரு அவித்த முட்டை போதும். முட்டை சாப்பிடாத வீட்டில் ஒரு கிண்ணம் பாசிப்பயறுச் சுண்டல். மாவோடு பருப்போ முட்டையோ சேரும்போது செரிமானம் நிதானமாக நடக்கும், பசி தள்ளிப்போகும். கம்பங்கூழும் மோரும் நம் கரிசல் காட்டுக்குப் பழகியவைதான். ஆனால் உங்கள் பிள்ளைக்குப் பழக்கமா என்று பாருங்கள். பழகாத வயிறு உப்பிக்கொள்ளும். கொடுப்பதானால் பத்து நாள் முன்பே கொடுத்துப் பாருங்கள். தேர்வு நாளில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம், பாதாம் பாலைக்கூட. கழிப்பறைக்குப் போக அஞ்சித் தண்ணீரை ஒதுக்கும் பெண் பிள்ளைகளை நினைத்தால் மனது வலிக்கிறது. பங்குனி வெயிலில் அதுவே தலைவலியாக மாறும். காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லுங்கள்.

இந்த வாசகியின் கடிதத்தில் என்னை நிறுத்தியது இரவுச் சாப்பாடுதான். தேர்வு முடிந்த மகிழ்ச்சியில் அப்பா எண்ணெய்ப் பரோட்டா வாங்கி வருகிறார். ஒன்பதரைக்குச் சாப்பாடு, பிறகு விழித்துப் படிக்க டீ. எண்ணெய்ப் பதார்த்தம் இரைப்பையை விட்டு இறங்க வெகுநேரமாகும். படுத்ததும் நெஞ்சு கரிக்கும். டீயின் வீரியம் பாதி குறையவே ஐந்து மணி நேரம் பிடிக்கலாம். அதனால் டீயை நான்கு மணியோடு நிறுத்திவிடலாம். பரோட்டா கடைசித் தேர்வு முடிந்த அன்றைக்கு இருக்கட்டும்.

இரவு ஏழரை மணிக்குக் குதிரைவாலிக் கஞ்சி கொடுத்துப் பாருங்கள். ஒருவருக்குக் கால் டம்ளர் குதிரைவாலி, இரண்டு கரண்டி பாசிப்பருப்பு, சீரகம், இரண்டு பல் பூண்டு, ஒன்றரை டம்ளர் தண்ணீர். குக்கரில் மூன்று விசில். அரிசியை நன்றாக அரித்துக் கல் எடுக்க மறக்காதீர்கள். வாங்கும்போது நிறத்தையும் கவனியுங்கள்: பளீர் வெள்ளையாக இருந்தால் தவிடு முழுக்கத் தீட்டியது; அது வெள்ளரிசி போலச் சீக்கிரமே செரித்துவிடும், பத்து மணிக்குள் பசிக்கும். மங்கலான பழுப்பு நிறமாகக் கேளுங்கள். தொட்டுக்கொள்ளப் பீர்க்கங்காய்த் துவையல் நன்றாக இருக்கும், காரம் குறைவாக. சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரம் படிக்கட்டும், பத்துக்குப் படுக்கட்டும். அப்போதும் பசி என்றால் ஒரு வாழைப்பழம்.

அன்புடன்,
ஆசிரியர்