மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்

தி.மு.க. வென்ற 1967 தேர்தலைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும்: "அடுக்குமொழி பேசி ஆட்சியைப் பிடித்தார்கள். சத்தம் இருந்தது, சரக்கு இல்லை." அதற்குச் சான்றாக எல்லோரும் காட்டுவது ஒரே அரிசி முழக்கத்தைத்தான்: ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். இந்தத் தீர்ப்புக்குள் மூன்று குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. மூன்றுமே அந்த வாக்கியத்தைச் சரியாகக் கேட்காமல் எழுந்தவை.

முதல் குற்றச்சாட்டு, அது வெறும் ஓசை என்பது. வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். அதில் வினைச்சொல்லே இல்லை. 'தருவோம்' என்று இருந்தால் யார், எப்போது, எந்த ஊரில் என்ற கேள்விகள் பின்னாலேயே வந்து நிற்கும். தமிழில் வினையில்லாமலும் வாக்கியம் முழுமையாக நிற்கும் என்பதால், இங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது என்ற உணர்வே கேட்பவருக்கு எழுவதில்லை. நாளும் இடமும் ஆளும் ஓசைப்படாமல் வெளியேறிவிடுகின்றன.

இயைபு செய்யும் வேலை இதைவிடப் பெரிது. லட்சியம் என்றால் இன்னும் கைக்கு வராதது. நிச்சயம் என்றால் வந்தே தீர்வது. பொருளில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. ஆனால் ஒரே ஓசையில் முடிவதால் காதுக்கு அவை ஒரே வாக்குறுதியின் இரு பாதிகளாகப் படுகின்றன. வரிசையும் தற்செயலானதல்ல. பெரிய எண் முதலில் வந்து மனதில் உட்கார்ந்துகொள்கிறது. 'நிச்சயம்' என்ற சொல்லின் உறுதி அதன் மேலும் கொஞ்சம் படிகிறது. இரண்டு பாதிகளையும் இடம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள், மேடையில் எடுபடாது. பொருள் அதேதான், பலம் போய்விடும். சரக்கு அந்த அமைப்பில்தான் இருக்கிறது.

இரண்டாவது குற்றச்சாட்டு, அது பொய் என்பது. ஆட்சிக்கு வந்த அந்த ஆண்டே சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி தரத் தொடங்கினார்கள். மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோக நிதி இடம் தரவில்லை. திட்டம் நிலைக்கவும் இல்லை. எதிர்க்கட்சிகள் "மூன்று படி எங்கே?" என்று கேட்டபோது, 'லட்சியம்' என்ற சொல்லே தற்காப்பாக நின்றது. ஆக, முழக்கத்தைப் பொய் என்று நிரூபிக்க முடியாது. என் பார்வையில் பொய்யைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது இதைத்தான். பொய் சொன்னவரை ஒருநாள் பிடிக்கலாம். கேட்கும்போது மூன்றாகவும், கணக்குக் கேட்கும்போது ஒன்றாகவும் சுருங்குகிற வாக்கியத்தை எப்படிப் பிடிப்பது? ஒன்று மட்டும் செய்திருக்கலாம். அந்த ஒரு படி எந்த ஊர்களுக்கு நிச்சயம் என்று தேர்தலுக்கு முன்பே கேட்டிருந்தால், வாக்கியம் தடுமாறியிருக்கும்.

மூன்றாவது, மக்கள் ஓசையில் மயங்கினார்கள் என்பது. இதைச் சொல்பவர்கள் வாக்கு எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. அந்தத் தேர்தலில் காங்கிரஸ் பெற்ற வாக்கு சுமார் 41 சதவீதம், தி.மு.க. தனியாகப் பெற்றதைவிட மயிரிழை அதிகம். தி.மு.க. குறைந்த தொகுதிகளில் நின்றது, சுதந்திராக் கட்சி உள்ளிட்ட கூட்டணியோடு நின்றது, எதிர்ப்பு வாக்குகள் சிதறவில்லை. அதனால் ஆட்சி கைக்கு வந்தது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் மீது நடந்த துப்பாக்கிச் சூடும், அரிசித் தட்டுப்பாடும் வாக்காளருக்கு முழக்கம் இல்லாமலே தெரிந்த விஷயங்கள். வரிசையில் காத்திருந்தவருக்குப் பசியை எந்த மேடையும் புதிதாகக் கற்றுத்தரவில்லை. முழக்கம் செய்தது வேறு: காங்கிரஸ் முதல்வர் பக்தவத்சலத்தின் ஆட்சியில் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக இருந்த எரிச்சலை, ரூபாய், படி என்ற இரண்டு அளவைகளில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லக்கூடியதாக்கியது. கடைக்காரரிடமும் பக்கத்து வீட்டிலும் அதைத் திருப்பிச் சொல்ல எழுத்தறிவு தேவைப்படவில்லை.

அடுக்குமொழி அந்தக் கட்சியின் வாய்ப்பழக்கம், எங்கும் அதையே பேசுவார்கள் என்பதும் பொருந்தாது. 2006 தேர்தலில் அதே கட்சி சொன்னது: கிலோ அரிசி இரண்டு ரூபாய். இயைபு இல்லை, லட்சியமும் இல்லை. ஆட்சிக்கு வந்ததும் ரேஷன் கடைகள் வழியாக அதை மாநிலம் முழுவதும் நடைமுறைப்படுத்தினார்கள். 2008இல் விலை ஒரு ரூபாயாகவும் இறங்கியது. அப்போது அரிசி கையில் இருந்தது, அதை வீடுவரை கொண்டுசேர்க்கும் கடைகளும் இருந்தன. 1967இல் இரண்டும் உறுதியில்லை. மூன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளியை அன்று சொற்கள்தான் நிரப்ப வேண்டியிருந்தது.